இருந்தா தாங்களேன்

தோட்டத்து லயத்தில் சீனி கடன் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அடுத்த காம்பராவின் வாசலில் நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல், "அக்கா, கொஞ்சம் சீனி இருந்தா தாங்களேன்" என்பார்கள். அந்த வீட்டில் சீனி இருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரியும். நேற்றுத்தான் கடையிலிருந்து இருவரும் சேர்ந்து சாமான் தூக்கி வந்திருப்பார்கள். தெரிந்தும் "இருந்தா" என்று சொல்கிறார். அந்த ஒரு சொல்லில் அக்காவுக்கு ஒரு வழி திறந்து கிடக்கிறது. கொடுக்க மனமில்லை என்றால் "இல்லையே புள்ள, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிடலாம். அது பொய் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அக்கா கேட்டவரை மறுத்ததாக ஆகாது. சீனிதான் இல்லாமல் போனது. நாளைக்குப் பீலிக்கரையில் இருவரும் முகம் பார்த்துப் பேசலாம்.

ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள தேயிலை, ரப்பர் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும்போது நான் இந்தச் சீனியிலிருந்துதான் தொடங்குவேன். பிரெஞ்சில் பணிவாகக் கேட்பதும் மென்மையாக அறிவுரை சொல்வதும் பெரும்பாலும் ஒரே வினைவடிவத்தின் மேல் நிற்கின்றன. கொண்டிசியோனெல் என்று அதற்குப் பெயர். நிபந்தனை வடிவம் என்று நம் இலக்கண நூல்கள் சொல்லும். "ஜு வூத்ரே" என்றால் "எனக்கு வேண்டியிருந்தது, முடிந்தால்" என்ற தொனி. "தியூ தெவ்ரே" என்றால் "நீ செய்தால் நல்லது" என்ற தொனி. முதலாவதைத் தொடக்கநிலையிலேயே, இலக்கணம் சொல்லாமல், ஒரு வாய்பாடாக மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். அதன் உடல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதைப் பல மாதம் கழித்துத்தான் திறந்து காட்டுவார்கள். அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்தின் வேர் மரியாதைக் குறைவு அல்ல. சபரகமுவத் தோட்டத்துப் பிள்ளைக்கு மரியாதையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நுவரெலியாப் பக்கத்துப் பெருந்தோட்டங்களைப் போல இங்கே மலை முழுவதும் தமிழ் கிடையாது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் ஆங்காங்கே லயங்கள். லயத்துக்குள் தமிழ், டவுன் கடையில் சிங்களம். களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஒரு காலத்தில் ஓப்பநாயக்கவில்தான் வந்து முடியும். அந்தப் பாதை போய்விட்டது; இப்போது பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் போக பஸ்தான். அந்த பஸ்ஸில் கொண்டக்டரிடம் சிங்களத்தில் மிச்சக் காசு கேட்கும் பிள்ளை, எந்த வினைமுடிவு யாரைச் சீண்டும், எது குளிர வைக்கும் என்பதைப் பத்து வயதுக்குள் தெரிந்துகொண்டுவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளை பிரெஞ்சில் வாய் திறந்ததும் "ஜு வெ அன் கஃபே" என்கிறது. எனக்கு ஒரு காப்பி வேணும். பாரிஸில் ஒரு கடையில் இதைச் சொன்னால் காப்பி வரும். முகம் வராது.

ஏன் அப்படி? தமிழில் "எனக்கு ஒரு தேத்தண்ணி வேணும்" என்று கடையில் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. அந்த வாக்கியத்தில் "நான்" எழுவாயாக நிற்கவில்லை. "எனக்கு" என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறது. வேண்டுதல் என்னிடம் வந்து சேர்ந்த ஒன்று. பசி, தாகம், காய்ச்சல் போல. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்குத் தேத்தண்ணி வேணும் எல்லாம் ஒரே அச்சு. ஆக, கேட்பவரின் விருப்பத்தைத் தணித்து வைக்கும் வேலையைத் தமிழில் அந்த "எனக்கு" பாதி செய்துவிடுகிறது. மீதியைக் குரல் பார்த்துக்கொள்கிறது.

பிரெஞ்சில் அந்த வசதி இல்லை. "ஜு வெ" என்றால் "நான்" முன்னால் நிமிர்ந்து நிற்கிறேன், "விரும்புகிறேன்" என்று என் உறுதியைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளை அம்மாவிடம் அடம்பிடிக்கும்போது வருவது அந்த வடிவம். பெரியவர் சொன்னால் அதட்டலாகக் கேட்கும். தமிழில் வேற்றுமை உருபு செய்யும் தணிப்பை அங்கே வினைவடிவம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் "ஜு வூத்ரே". இதைப் புரிந்துகொண்ட மாணவர் "வெள்ளைக்காரனுக்கு எதுக்கு இவ்வளவு பவ்வியம்" என்று கேட்பதை நிறுத்திவிடுகிறார். அது பவ்வியமே அல்ல. நம் "எனக்கு" எவ்வளவு பவ்வியமோ அவ்வளவுதான் அதுவும்.

வடிவத்தைப் பிரித்துப் பார்ப்போம். எதிர்காலத்துக்கு எந்த அடி வருகிறதோ அதை எடுத்து, இறந்தகாலத்தின் ஒரு வகையான அம்பர்ஃபேயின் விகுதியை ஒட்ட வேண்டும். விரும்புதல் என்ற வினையின் எதிர்கால அடி "வூத்ர்". கடமைப்படுதலுக்கு "தெவ்ர்". முடிதலுக்கு "பூர்". அவற்றோடு இறந்தகால விகுதி சேர்ந்தால் "வூத்ரே", "தெவ்ரே", "பூரே". மரியாதைப் பன்மையில் "வூத்ரியே", "தெவ்ரியே", "பூரியே". எதிரில் இருப்பவரிடம் "பூரியே வூ..." என்று தொடங்கினால் "உங்களால் முடியுமா" என்பதைவிட ஒரு படி மெதுவாகக் கேட்டதாகும். வினையின் அகராதி வடிவத்தை அப்படியே வைத்து விகுதி ஒட்டி "வூலுவாரே" என்று சொல்வது வழக்கமான பிழை. எதிர்கால வடிவத்தைச் சரியாகக் கற்றவருக்கு அந்தப் பிழை வராது. அதனால்தான் எதிர்காலத்தை நன்றாக ஊன்றாமல் இந்தப் பாடத்துக்கு வரக்கூடாது என்கிறேன்.

இன்னொரு பிழை காதுக்குத் தெரியாது, கடிதத்தில் தெரியும். "விரும்புவேன்" என்ற எதிர்காலமும் "விரும்புவேனாக" என்ற இந்த வடிவமும் தன்மை ஒருமையில் ஏறக்குறைய ஒரே ஒலி. பிரான்சிலேயே பலர் இரண்டையும் பிரித்து உச்சரிப்பதில்லை. எழுத்தில் கடைசி எஸ் மட்டும்தான் வித்தியாசம். அது விழுந்துவிட்டால், நகரசபைக்கு எழுதும் விண்ணப்பத்தில் "ஒரு நாள் நான் விரும்பப் போகிறேன்" என்றாகிவிடுகிறது. சந்தேகம் வந்தால் "நான்" என்பதை எடுத்துவிட்டு "நாங்கள்" போட்டுச் சொல்லிப் பார்ப்பது பிரெஞ்சுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழி. "நூ வூத்ரோன்" என்று வந்தால் எதிர்காலம், எஸ் வேண்டாம். "நூ வூத்ரியோன்" என்று வந்தால் நம் பணிவு வடிவம், எஸ் வேண்டும். விண்ணப்பத்தில் நமக்கு வேண்டியது எப்போதும் இரண்டாவதுதான்.

எதிர்கால அடியோடு இறந்தகால விகுதி ஏன் சேர்ந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. லத்தீனின் பிற்காலப் பேச்சில் "பாட" என்ற வினையெச்சத்தோடு "வைத்திருக்கிறேன்" என்பதைச் சேர்த்து எதிர்காலம் சொன்னார்கள். "பாட இருக்கிறேன்" என்று நாம் சொல்வதைப் போல. அதே எச்சத்தோடு "வைத்திருந்தேன்" சேர்ந்தபோது "பாட இருந்தேன்" என்ற பொருள் வந்தது. இரண்டும் ஒட்டித் தேய்ந்து, முன்னது பிரெஞ்சின் எதிர்காலமாகவும் பின்னது இந்த நிபந்தனை வடிவமாகவும் ஆயின. கடந்த ஒரு புள்ளியில் நின்று பார்த்த எதிர்காலம் அது. நடக்க இருந்தது, நடந்ததா என்று சொல்லப்படவில்லை. கேட்பவர் தன் விருப்பத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார். எதிரில் இருப்பவர் மேல் அது வந்து விழுவதில்லை.

நம் "இருந்தா"வும் அப்படித்தான். இன்றைய தமிழில் நிபந்தனை சொல்லும் "ஆல்" இறந்தகால அடியில்தான் ஏறுகிறது. இருந்த், தந்த், வந்த், செய்த் என்பவற்றோடு ஆல். நாளைக்கு வரப்போகிறவரைப் பற்றியும் "வந்தால்" என்றுதான் சொல்கிறோம், "வருவால்" என்று அல்ல. துரையின் பங்களா வாசலில் நிற்பவர் "ஒண்ணு கேக்கலாம்னு வந்தேங்க" என்பார். வந்து நின்றுகொண்டேதான் இருக்கிறார், ஆனால் "வந்தேன்" என்கிறார். பிரெஞ்சுக்காரரும் அதே நிலையில் "ஜு வெனே வூ தெமாந்தே" என்பார்: உங்களைக் கேட்க வந்துகொண்டிருந்தேன். காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் கேள்வியின் முனை மழுங்குகிறது என்பதை ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன.

ஆனால் பங்களா வாசலில் சொல்வதும் லயத்து வாசலில் சொல்வதும் ஒன்றல்ல. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தொல்காப்பியம் எச்சவியலில் கேட்பதற்கு மூன்று சொற்களைப் பிரித்து வைக்கிறது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் "ஈ". ஒத்தவனிடம் கேட்டால் "தா". உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் "கொடு". வாயைத் திறந்ததும் படிநிலை வெளியே வந்துவிடும் ஏற்பாடு. தோட்டம் இந்த ஏற்பாட்டை இன்னும் கடுமையாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபெர்குசன் வெளியிட்ட ஒரு கையடக்கத் தமிழ் வழிகாட்டி இருக்கிறது, சின்னத்துரைமாருக்காகச் செய்தது. அதன் பெயரே "இங்கே வா". வந்து இறங்கிய வெள்ளைக்கார இளைஞன் தமிழில் முதலில் பழக வேண்டிய வாக்கியம் எது என்று அந்த அட்டையே சொல்லிவிடுகிறது. பெரட்டுக் களத்தில் தமிழ் ஒரு திசையில் ஏவலாக இறங்கியது, மறு திசையில் "தொரை மனசு வச்சா" என்று ஏறியது.

"தொரை மனசு வச்சா" என்பதும் நிபந்தனைதான். ஆல் விகுதிதான். இலக்கணத்தில் "சீனி இருந்தா"வுக்கும் அதற்கும் வேறுபாடு கிடையாது. வேறுபாடு நிபந்தனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதில். அக்காவிடம் கேட்கும்போது நிபந்தனை சீனியின் மேல் கிடக்கிறது; அக்கா சுதந்திரமாக இருக்கிறாள், கேட்டவரும் நிமிர்ந்து நிற்கிறார். துரையிடம் கேட்கும்போது நிபந்தனை அவர் மனசின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கொடுத்தால் அருள், கொடுக்காவிட்டால் விதி. பிரெஞ்சின் "ஜு வூத்ரே"வில் நிபந்தனைப் பகுதி சொல்லப்படுவதே இல்லை. முடிந்தால் என்றோ, நீங்கள் அனுமதித்தால் என்றோ எதுவும் வாயில் வராது. கேட்பவர் தாழவும் வேண்டாம், எதிரில் இருப்பவர் உயரவும் வேண்டாம். தபால் கந்தோரில் முத்திரை வாங்க வந்தவரும் "ஜு வூத்ரே" என்கிறார். அவரிடம் கையெழுத்துக் கேட்கும் உத்தியோகத்தரும் "பூரியே வூ" என்கிறார். பெரட்டுக் களத்து ஏவலையும் கெஞ்சலையும் பரம்பரையாகக் கேட்ட பிள்ளை, ஒரே வடிவத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பேசுவதைக் கேட்கும்போது வியக்கிறது. எனக்கு இந்தப் பாடம் பிடித்திருப்பதற்குக் காரணமும் அதுதான். தோட்டத்து மொழி சுருங்கியது தோட்டத்து நிர்வாகத்தால். லயத்துக்குள் "இருந்தா தாங்களேன்" எப்போதும் உயிரோடுதான் இருந்தது.

கடையில் நிற்பவருக்கு ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வினைவடிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் "பொன்ஜூர்" சொல்லாவிட்டால் அது முழுவதும் வீண். முதலில் வணக்கம், பிறகு "ஜு வூத்ரே", கடைசியில் "சில் வூ பிளே". நம் ஊரில் கடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சாமான் பெயரைச் சொன்னால் போதும். அங்கே போதாது.

இனி அறிவுரை. கேட்பதைவிட இது கடினம், ஏனென்றால் இதில் நாம் அடுத்தவர் வாழ்க்கைக்குள் கை நீட்டுகிறோம். தமிழர் பிரெஞ்சில் அறிவுரை சொன்னால் முதலில் வருவது "தியூ துவா". "நீ செய்யணும்" என்பதை நேராகக் கொண்டுபோய் அங்கே வைக்கிறோம். தமிழில் "நீ டொக்டரைப் பாக்கணும்டா" என்று அண்ணன் தம்பியிடம் சொன்னால் அதில் பாசம் இருக்கிறது. பிரெஞ்சில் "தியூ துவா" கட்டளை. பள்ளி ஒழுங்குவிதியில் வருவது. "தியூ தெவ்ரே" என்று மாற்றினால்தான் "பாத்தா நல்லதுடா" என்ற இடத்துக்கு வருகிறது. இன்னும் மெதுவாக வேண்டுமென்றால் "ஆ தா பிளாஸ்", உன் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன், என்று தன் மேல் போட்டுச் சொல்லலாம். "தியூ பூரே", நீ இப்படியும் செய்யலாம், என்று ஒரு வழியாக மட்டும் காட்டலாம். நம் "போனா என்ன?" இதற்கு மிக அருகில் நிற்கிறது. "பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போனா என்ன?" என்பதில் அறிவுரை கேள்வியாக வேடம் போட்டுக்கொள்கிறது. கேட்டவர் "போகலாம்தான்" என்றால் அறிவுரை ஏற்கப்பட்டது. "பாப்போம்" என்றால் ஏற்கப்படவில்லை. யாருக்கும் காயமில்லை.

ஒரு எச்சரிக்கை. "தெவ்ரே" மென்மையானது என்று கற்றுக்கொண்டவர் அதை அடுக்கிக்கொண்டே போவார். ஒரு வாக்கியத்தில் மென்மை. ஐந்தாவது வாக்கியத்தில் அதே வடிவம் மாமியார் வாய் மாதிரி ஆகிவிடும். ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். கடந்துபோன விஷயத்துக்கு இதை நகர்த்தும்போது இன்னும் கவனம் தேவை. "தியூ ஓரே தியூ" என்றால் நீ செய்திருக்க வேண்டும். வடிவம் அதே குடும்பம், ஆனால் மென்மை துளியும் மிச்சமில்லை, பழிதான். தமிழில் "சொல்லியிருக்கலாம்" என்பதற்கும் "சொல்லியிருக்கணும்" என்பதற்கும் இடையே உள்ள தூரம் நமக்குத் தெரியும். முன்னது வருத்தம், பின்னது குற்றச்சாட்டு. பிரெஞ்சில் வருத்தத்தின் பக்கம் நிற்க "தியூ ஓரே பியூ", செய்திருக்க முடிந்திருக்குமே, என்று முடிதல் வினையைப் போடலாம். ஆனால் அதுவும் குரலைப் பொறுத்து சட்டென்று குத்தும்.

மாணவர்கள் உண்மையில் நஷ்டப்படும் இடம் வேறு. அலுவலகத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் இதே மென்மையான வடிவத்தில் பேசுவார். "இல் ஃபோத்ரே" என்று தொடங்கி, மூலப் பத்திரத்தோடு திரும்பி வந்தால் நல்லது என்பார். டொக்டர், இரத்தப் பரிசோதனை ஒன்று செய்தால் நல்லது என்பார். வீட்டுக்காரர் "வூ தெவ்ரியே" என்று இரவில் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். பாடத்தில் "இது மென்மையான அறிவுரை, ஏற்கலாம், விடலாம்" என்று படித்த பிள்ளை, சரி யோசிப்போம் என்று வீட்டுக்குப் போய்விடும். மூன்று இடத்திலும் சொல்லப்பட்டது உத்தரவு. மூலப் பத்திரம் இல்லாமல் அந்தக் கோப்பு நகராது. நண்பன் சொன்னால் அறிவுரை. கோப்பை, வாடகையை, மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் சொன்னால் அது நிபந்தனை. ஆகவே வினைவடிவத்தைக் கேட்பதற்கு முன்னால், சொன்னபடி செய்யாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கணக்கப்பிள்ளை "நாளைக்கு வேலைக்கு வந்தா நல்லது" என்று சொன்னதன் பொருளை அவர்கள் அம்மாமார் யாரும் அகராதியில் தேடியதில்லை. ஆனால் அந்நிய மொழி பேசும்போது தன் ஊரில் சம்பாதித்த அறிவை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம்.

2024 குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு பிரான்சில் கேட்கப்படும் மொழித் தேர்ச்சியின் மட்டம் உயர்ந்திருக்கிறது. பத்தாண்டு வதிவிட அட்டைக்கு ஏ2 போதுமாக இருந்தது பி1 ஆகியிருக்கிறது, குடியுரிமைக்கு பி2. பி1 தேர்வின் வாய்மொழிப் பகுதியில் தேர்வாளரோடு ஒரு சிறு சூழ்நிலையை நடித்துப் பேச வேண்டும்; கேட்பதும் மறுப்பதும் வழி சொல்வதும் அங்கே வரும். ஆகவே "ஜு வூத்ரே"வை வாய்பாடாக வைத்துக்கொண்டு இனிமேல் காலம் தள்ள முடியாது. மறுப்பைக் கேட்டுப் பிடிக்கவும் தெரிய வேண்டும்.

மறுப்பும் இதே வடிவத்தில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று கூப்பிட்டால் பிரெஞ்சு நண்பர் "ஜெம்ரே பியான்" என்பார். வர எனக்கு நல்ல விருப்பம். நம் ஆள் கோழி வாங்கி வைத்துவிடுவார். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் "மே", ஆனால், என்ற சொல் வருகிறதா என்று காத்திருந்து கேட்க வேண்டும். சில நேரம் அது வாயில் வராமல் தோளைக் குலுக்குவதில் மட்டும் வரும். "வரணும்னுதான் இருக்கு..." என்று இழுத்து நிறுத்தும் நம் சித்தப்பாவை நினைத்துக்கொண்டால் போதும், அவர் வரமாட்டார். உண்மையிலேயே வருகிறவர் "ஜு வெ பியான்" என்பார். முன்பு கடையில் சொல்லக்கூடாது என்று தடுத்த அதே "ஜு வெ", "பியான்" சேர்ந்ததும் மனமுவந்த சம்மதமாகிவிடுகிறது. அதைக் கேட்ட பிறகு கோழி வாங்கலாம்.